‘பாத்துச் சொல்லுங்க’ என்று அனுப்பிய பாசித் திட்ட அறிக்கை பட்ட பாடு

கடற்பாசி வளர்ப்பு மானியத்துக்கு அலைந்தவர்களுக்கு அந்த அலைச்சலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆதார், வங்கிப் புத்தகம், குழுத் தீர்மானம் எல்லாம் எங்களுக்கு முதல் தடவையே சரியாகத்தான் இருந்தன. மாட்டிக்கொண்டது திட்ட அறிக்கையில். அதுவும் ஒன்பது பேர் படித்து, ‘அருமை’ என்று கைகூப்பு படமெல்லாம் போட்ட அறிக்கை.

எங்கள் குழுவில் பத்துப் பெண்கள். மண்டபம் பக்கம், பாக் விரிகுடாக் கரையில் மூங்கில் மிதவை கட்டி கப்பாபைகஸ் வளர்ப்பதுதான் திட்டம். எங்கள் ஊரில் அதைப் பெப்சி பாசி என்றால்தான் தெரியும். ஆளுக்கு 45 மிதவை, மொத்தம் 450. அறிக்கையைத் தயார் செய்து தந்தது ஒரு தொண்டு நிறுவனம். அங்கே வேலை பார்க்கும் தம்பி அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டு, கீழே ஒரே வரி எழுதினார்: “வரைவு அறிக்கை. அனைவரும் பார்த்து கருத்து சொல்லவும்.”

கருத்துகள் வந்து குவிந்தன. ‘பெண்கள்’ வேண்டாம், ‘மகளிர்’ என்று போடுங்கள் என்றார் ஒருவர். அட்டையில் தோணி படம் வைக்கலாமே என்றார் இன்னொருவர். ‘கடற்பாசி’க்கு நடுவில் ஒற்று வருமா வராதா என்று இரண்டு பேர் இரவு பத்து மணி வரை சண்டை போட்டார்கள். அட்டவணையை ஒருவரும் திறக்கவில்லை.

ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறிப் போய் அலுவலகத்தில் நீட்டினால், அங்கிருந்த எழுத்தர் நேராக அட்டவணைக்குப் போனார். “ஒரு மிதவைக்கு 60 கிலோ விதைன்னு போட்டிருக்கீங்க. 450 மிதவைக்கு 2.7 டன்னா?” விதை என்பது கயிற்றில் கட்டி வளர்க்கும் பாசித் துண்டுதான். 60-ஐ 450-ஆல் பெருக்கினால் 27,000 கிலோ, அதாவது 27 டன். புள்ளி ஒரு இடம் நகர்ந்திருக்கிறது. அங்கேயே பேனாவால் திருத்தித் தருகிறேன் என்றேன். அடித்துத் திருத்தியதை வாங்க மாட்டோம், புதிதாக அச்செடுத்து அடுத்த திங்கள் வாருங்கள் என்று கோப்பைத் தள்ளிவிட்டார். கண்டுபிடித்த மட்டுக்கும் அவருக்கு நன்றி. ஆனால் அதைச் சொன்ன தோரணையை நினைத்தால் இப்போதும் காந்துகிறது.

இந்தத் தடவை நானே அனுப்புகிறேன் என்று கோப்பை வாங்கினேன். திறந்தால் ‘திட்டம்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் `jpl;lk;` என்று நிற்கிறது. பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள். அவர்கள் கணினியில் தமிழாகத் தெரியும், அந்த எழுத்துரு இல்லாத போனில் இப்படித்தான் வரும். முதல் சுற்றில் பாதிப் பேர் உள்ளே எதையும் படிக்காமலே ‘அருமை’ போட்டதற்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம். முழுவதையும் யூனிகோடுக்கு மாற்றி, பிடிஎஃப் ஆக்கி, வேறு ஒரு போனில் திறந்து பார்த்த பிறகுதான் அடுத்த வேலையைத் தொட்டேன்.

பிறகு ஒவ்வொரு பத்திக்கும் எண் போட்டேன். “ஆறாம் பக்கம் மூணாவது வரி” என்று ஒருவர் சொன்னால், வேர்டு கோப்பைப் போனில் திறந்தவருக்கு அது எட்டாம் பக்கம். பத்தி எண் மட்டும் எந்தக் கருவியிலும் மாறாது. குரல் பதிவில் கருத்துச் சொல்பவர்களுக்கு இது இல்லாவிட்டால் சுத்தமாக ஆகாது. எங்கள் பக்கம் தட்டச்சு செய்வதைவிடக் குரல் பதிவு அனுப்புகிறவர்கள்தான் அதிகம்.

குழுவில் போடாமல், யாருக்கு எது தெரியுமோ அதை மட்டும் தனித்தனியாகக் கேட்பது என்று முடிவு செய்தேன். மீன்வளத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சார் ஒருவருக்கு மிதவை, விதை, பருவம் பற்றிய பத்திகள். விசைப்படகுச் சங்கத்தில் கணக்கு எழுதும் அண்ணனுக்கு அட்டவணை. குழுத் தலைவி அக்காவுக்கு வேலை முறை பற்றிய பத்திகள். தமிழாசிரியருக்கு எழுத்துப் பிழை. ஆனால் அவருக்குக் கடைசியில்தான். விஷயம் முடிவாகும் முன்பே பிழை பார்க்கக் கொடுத்தால், அவர் நேரம் செலவழித்துத் திருத்திய பத்தியை நான் வெட்டியெறிய வேண்டி வரும். அப்புறம் அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

பெரியவர்களுக்குக் கெடு வைப்பது நம் ஊரில் லேசில்லை. அதனால் முதலில் போன் செய்து, முடியுமா என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்பினேன். சாருக்கு அனுப்பியது இது:

“வணக்கம் சார். பாசித் திட்ட அறிக்கை, இரண்டாம் வரைவு. பத்தி 7 முதல் 11 வரை மட்டும் நீங்கள் பார்த்தால் போதும், ஒன்றரைப் பக்கம்தான். இரண்டு கேள்விகள்: (1) 12 அடிக்கு 12 அடி மிதவைக்கு எத்தனை கிலோ விதை என்று எழுத வேண்டும்? (2) வருடத்துக்கு எத்தனை அறுவடை என்று எழுதினால் பொய்யாகாது? இடமும் மிதவை எண்ணிக்கையும் குழுத் தீர்மானம், அவற்றை இனி மாற்ற முடியாது. எழுத்துப் பிழையை இப்போது விட்டுவிடுங்கள். வியாழன் மாலை 6 மணிக்குள் குரல் பதிவாகச் சொன்னாலும் போதும் சார். வெள்ளி, சனி நான் திருத்துகிறேன், திங்கள் கொடுக்க வேண்டும். தோதுப்படாது என்றால் செவ்வாய்க்குள் சொல்லிவிடுங்கள், வேறொருவரைக் கேட்டுக்கொள்கிறேன்.”

இதில் ‘மாற்ற முடியாது’ என்ற வரிதான் எனக்கு அதிகம் உதவியது. முதல் சுற்றில் ஒருவர், மிதவையே வேண்டாம், குழாய் வலையில் போடலாம் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தார். நல்ல யோசனையாகக்கூட இருக்கலாம். ஆனால் தீர்மானம் போட்டு, பத்துப் பேர் கையெழுத்தும் வாங்கிய பிறகு அதை வைத்து என்ன செய்வது?

கேள்வியைக் கேட்ட விதத்தையும் கவனியுங்கள். பழைய வரைவில் வருடத்துக்கு எட்டு அறுவடை என்று இருந்தது. ஒரு அறுவடைக்கு 45 நாள், 365-ஐ அதால் வகுத்தால் எட்டு. ‘எட்டு அறுவடை சரிதானே சார்?’ என்று கேட்டிருந்தால் ‘சரிதாம்மா’ என்று வந்திருக்கும். எண்ணை அவர் வாயிலிருந்தே வரவழைக்கும்படி கேட்டதால், புதன் இரவே நீளமான குரல் பதிவு வந்துவிட்டது.

“எட்டுன்னு யாரும்மா போட்டது? ஐப்பசி கார்த்திகை வாடைக்கு நம்ம கரையில மிதவை நிக்குமா? கயிறு அறுந்து மூங்கில் ஒரு பக்கம், பாசி ஒரு பக்கமாப் போயிரும். ஒம்பது மாசம்னு வச்சாக்கூட ஆறுதான். சித்திரை வெயில்ல தண்ணி சூடேறி பாசி வெளுத்துச்சுன்னா அதுவும் கிடையாது. அஞ்சுன்னு எழுது.”

விதைக் கணக்கையும் விரித்தே சொன்னார். மிதவைக்கு 20 கயிறு, கயிற்றுக்கு 20 துண்டு, துண்டு 150 கிராம். 400 துண்டுக்கு 60 கிலோ. அது சரி. ஆனால் 27 டன் என்று மொட்டையாக எழுதினால், அவ்வளவு விதை ஒரே நாளில் எங்கே கிடைக்கும் என்று அடுத்த கேள்வி வரும் என்றார். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மிதவை கட்டினால் பத்துப் பேருக்கும் சேர்த்து தினம் 600 கிலோதான் வேண்டும். 45-ஆம் நாள் கடைசி மிதவையைக் கட்டி முடிக்கும்போது முதல் மிதவை அறுவடைக்கு வந்துவிடும், அதிலிருந்து 60 கிலோவை விதைக்கு எடுத்துக்கொள்ளலாம். இதை அப்படியே பத்தி 9-இல் சேர்த்தேன்.

கணக்கு அண்ணனுக்குக் கெடு வியாழன் இல்லை. விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலையில் கரை திரும்பும். வியாழன் காலையில் அவரைப் பிடிக்கவே முடியாது. அதனால் படகுகள் கடலில் இருக்கும் புதன் இரவு 8 மணி என்று சொன்னேன். மிதவைக்கு 1,500 வீதம் 6,75,000 ரூபாய், பெண்களுக்கு 60 சதவீத மானியம் 4,05,000, எங்கள் பங்கு 2,70,000. பெருக்கிப் பார்த்துச் சரி என்று ஏழரைக்கே அனுப்பிவிட்டார்.

அக்காவிடம்தான் நாள் குறிக்கத் திணறினேன். அமாவாசையை ஒட்டித் தண்ணீர் நன்றாக வற்றும், அந்த நாட்களில் அவர் தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போய்விடுவார். விடியற்காலையில் போனவரிடம் மாலையில் காகிதத்தை நீட்டுவது பாவம். அமாவாசை கழியட்டும் என்று விட்டு, வெள்ளிக்கிழமை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவருக்கான நாலு பத்தியையும் வாசித்துக் காட்டினேன். “நாம செய்யாத வேலை எதாவது இதுல இருக்கா அக்கா?” என்று ஒரே கேள்விதான். இருந்தது. பாசியை மணலில் காயப்போடுவதாக எழுதியிருந்தார்கள். “மண்ணு ஒட்டுனா வியாபாரி விலையைக் குறைப்பான்டி, நாம வலைய விரிச்சுல்ல போடுறோம்” என்றார்.

எல்லாம் ஒழுங்காகப் போகும்போதுதான் தமிழாசிரியர் கைக்குப் பழைய வரைவு யார் மூலமோ போய்ச் சேர்ந்தது. கோப்பின் பெயர் வெறும் ‘அறிக்கை’. வரைவு எண்ணும் இல்லை, தேதியும் இல்லை. அவர் சும்மா இருக்காமல் முழுவதையும் தன் நடையில் திருத்தி எழுதி, எங்கே மாற்றினார் என்ற தடயமே இல்லாமல் அனுப்பிவிட்டார். அதில் 2.7 டன் பத்திரமாக அப்படியே இருந்தது. அதைத் தூக்கிப்போடவும் மனம் வரவில்லை, பயன்படுத்தவும் வழியில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு இரவு முழுக்க ஒப்பிட்டு, தேறிய பிழைத்திருத்தங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். கோப்புப் பெயரிலேயே ‘வரைவு 2’ என்றும் தேதியும் போட்டுவிடுங்கள். பழையது ஊரில் எங்கே சுற்றிக்கொண்டிருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்’ என்று எழுதும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அட்டைப் படம், தலைப்பு மாதிரி விஷயங்களுக்கு அது சரி. எண்களுக்கு அப்படி எழுதாதீர்கள். பதில் சொல்லாதவர் அட்டவணையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறாரா, திறக்கவே இல்லையா என்று எப்படித் தெரியும்? எண்களைப் பார்க்க ஒப்புக்கொண்டவர் கெடு நாளில் பேசாமல் இருந்தால், போன் போட்டுவிட வேண்டியதுதான்.

திங்கள்கிழமை அதே எழுத்தர்தான் இருந்தார். பத்தி 9-ஐ இரண்டு முறை படித்தார், பெருக்கிப் பார்த்தார், முத்திரை குத்திப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டார். அன்று மாலையே நாலு பேருக்கும் எதைச் சேர்த்தேன், எதைச் சேர்க்கவில்லை, ஏன் என்று தனித்தனியாக எழுதினேன். தமிழாசிரியருக்கு மட்டும் நேரில் போய்ச் சொன்னேன். மூன்று நாள் கழித்து, முதல் சுற்றில் இருந்த ஒருவர் போன் செய்தார், அறிக்கையை இப்போதுதான் படிக்க எடுத்திருக்கிறாராம். கொடுத்தாயிற்று அண்ணே, வங்கிக்கு எழுதும் கடிதம் அடுத்த வாரம் வரைவாக வரும், அதில் வட்டிக் கணக்கை மட்டும் பாருங்கள், புதன் இரவு எட்டுக்குள் வேண்டும் என்றேன்.