அட்டவணை மறுபடி மறுபடி மாறுகிறதா?

காலை 6 முதல் 8 வரை இயற்பியல், நீல நிறம். 8.30 முதல் 10.30 வரை வேதியியல், பச்சை. இப்படி வரையும் அட்டவணை பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் உடைந்துவிடும். படிப்பவரின் சோம்பலைக் குறை சொல்வதற்கு முன்னால் அந்த நீலக் கட்டத்தைப் பாருங்கள். அதற்குள் எது முடிய வேண்டும், முடிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று யாரும் அளந்திருக்க மாட்டார்கள்.

இந்தக் கணிப்பு பெரும்பாலோருக்குத் தவறும். ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் ஆகிய உளவியலாளர்கள் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று பதில் வந்தது. உண்மையில் ஏறத்தாழ 55 நாள் ஆனது. எல்லாமே மோசமாகப் போனால் எவ்வளவு ஆகும் என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன 49 நாள்கூடப் போதவில்லை.

ஆக, அட்டவணை பின்தங்குவது இயல்பு. சிக்கல் அதற்கு அடுத்த நிமிடத்தில்தான் வருகிறது. பின்தங்கியதும் மனம் கனக்கிறது. புதிதாக ஒன்று வரைந்தால் உடனே லேசாகிறது. விடுபட்ட பாடங்கள் எல்லாம் அடுத்த வாரத்தில் அழகாக உட்கார்ந்துவிடுகின்றன. ஒரு பக்கம்கூடப் படிக்காமல், பாதி முடித்த நிறைவு கிடைக்கிறது. அந்த நிம்மதிதான் மறுபடியும் ஸ்கெட்ச் பேனாவை எடுக்க வைக்கிறது. கடினமான பாடம் தொடங்க வேண்டிய நேரத்தில்தான் திருத்தும் ஆசை அதிகம் வருகிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் அது திட்டமிடல் இல்லை, பாடத்தைத் தள்ளிப்போடுவது.

தேவையான மாற்றத்தை எப்படி அடையாளம் காண்பது? தேர்வுத் தேதி மாறியிருக்கும், பாடத்திட்டம் மாறியிருக்கும், அல்லது உங்கள் வேகம் பற்றிப் புதிதாக ஒரு எண் தெரிந்திருக்கும். அதோடு, உண்மையான மாற்றம் எதையாவது வெட்டும். பாடங்களை இடம் மாற்றி, தூங்கும் நேரத்தைக் குறைத்து, எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொள்ளும் புதிய அட்டவணை பழையதைப் போலவே உடையும்.

அட்டவணையை மாற்றிக்கொண்டே இருப்பதை நிறுத்துவதற்கு முதல் வேலை, மூன்று நாள் எந்த அட்டவணையும் இல்லாமல் படிப்பது. எழுத வேண்டியவை மூன்றே: எந்தப் பாடம், எப்போது தொடங்கினேன், புத்தகத்தை மூடி வைத்து அதன் கேள்விகளுக்கு விடை எழுத முடிந்தது எப்போது. வாசித்து முடித்த நேரத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். வேகம் இருப்பதைவிட அதிகமாகத் தெரியும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 30 நாளும் 24 பாடங்களும் மிச்சம். அட்டவணை பாடத்துக்கு 2 மணி நேரம், நாளுக்கு 4 மணி நேரம் என்று சொல்கிறது. அளந்து பார்த்தால் பாடத்துக்குச் சராசரியாக 3 மணி 20 நிமிடம் ஆகிறது. நாளுக்கு 3 மணி நேரம்தான் உண்மையில் அமைகிறது. 24 பாடங்களுக்கு 80 மணி நேரம் வேண்டும். வாரம் ஒரு நாளைக் காலியாக விட்டால் கையில் இருப்பது 26 நாள், அதாவது 78 மணி நேரம். திருப்புதலுக்கு ஒரு நிமிடமும் இல்லை. எவ்வளவு வண்ணம் தீட்டினாலும் இது பொருந்தாது. முந்தைய வினாத்தாள்களில் குறைவாகக் கேட்கப்பட்ட 4 பாடங்களை, பாடத்துக்கு ஒரு மணி நேரம் என்று வினாக்களோடு மட்டும் நிறுத்தினால், மொத்தம் சுமார் 71 மணி நேரமாகிறது. 7 மணி நேரம் திருப்புதலுக்குக் கிடைக்கிறது. எந்த நான்கைச் சுருக்குவது என்ற முடிவு வலிக்கும்; அதைத் தவிர்க்கத்தான் பலரும் கட்டம் வரைகிறார்கள்.

இதற்குப் பிறகு மணிக்கணக்கு அட்டவணை வேண்டாம். பாடங்களை வரிசையாக ஒரே தாளில், ஒரே நிறப் பேனாவில் எழுதுங்கள். நேற்று நின்ற இடத்தில் இன்று தொடங்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு நாள் தவறினால் வரிசை நகராமல் நிற்கும். உடைவதற்கு அதில் எதுவும் இல்லை. காலி நாள் அந்த வாரம் விடுபட்டதை முடிக்க மட்டுமே, புதுப் பாடம் அன்று கூடாது. வரிசையைத் திருத்துவதும் அன்றுதான், 10 நிமிடம் டைமர் வைத்து.

நடுவில் திருத்தும் ஆசை வந்தால் தோன்றியதைத் தாளின் பின்பக்கம் ஒரு வரியில் எழுதிவிட்டு, வரிசையில் முதலில் நிற்கும் பாடத்தின் ஒரு கேள்விக்கு விடை எழுதத் தொடங்குங்கள். தெரியாத கேள்வியாக இருந்தாலும் பரவாயில்லை. எங்கே சிக்குகிறது என்று தெரிந்தால் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். பின்பக்கத்தில் எழுதியவற்றைக் காலி நாளில் படித்துப் பாருங்கள். எதையாவது வெட்டச் சொல்லும் வரி இருந்தால் அதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.