லிட்டர் கணக்கு

மார்ச் 3, திங்கள்

வருமானத்தைப் பணமாக எழுதினால் பெரிய தொகையாகத் தெரிந்து ஏமாற்றிவிடுகிறது என்பதால், இந்த வாரம் முழுவதையும் பெட்ரோலில் எழுதப்போகிறேன். வாடிக்கையாளர் ஒரு டெலிவரிக்குத் தரும் கட்டணம் சராசரியாக அரை லிட்டர் பெட்ரோலின் விலை. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கமிஷனாகச் செயலி எடுத்துக்கொள்ள, என் கைக்கு வருவது 0.4 லிட்டர். ஞாயிறு நள்ளிரவுக்குள் 110 ஆர்டர்களை முடித்து, முடிப்பு விகிதம் 95 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் ஊக்கத்தொகை 8 லிட்டர். காலையில் டேங்கை வாய்வரை நிரப்பி, மீட்டரில் இருந்த எண்ணைக் குறித்துக்கொண்டேன். முதல் நாள் 15 ஆர்டர்.

மார்ச் 4, செவ்வாய்

14 ஆர்டர், ஒரு ரத்து. பின் டயரின் நடுவில் கோடுகள் தெரியவில்லை.

மார்ச் 5, புதன்

மழை. 13 முடிந்தன, மூன்றை ஏற்றுக்கொண்ட பிறகு நானே ரத்து செய்தேன். தண்ணீர் தேங்கிய சாலையில் அந்த டயரை நம்பிப் போக மனம் வரவில்லை. புது டயரின் விலை ஏறத்தாழ 18 லிட்டர். ஊக்கத்தொகை வந்தால் அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவாவது அடையும் என்று காத்திருக்கிறேன்.

மார்ச் 6, வியாழன்

16 ஆர்டர், மொத்தம் 58. நான்கு நாளில் நான்கு ரத்து என்பதால் விகிதம் 93.5 சதவீதத்தில் நிற்கிறது. ஏற்காமல் விட்ட ஆர்டர் இந்தக் கணக்கில் வருவதில்லை, ஏற்றுக்கொண்டு கைவிட்டது மட்டுமே வரும். மழை நாளில் திரையைப் பார்க்காமல் கட்டைவிரலால் ஏற்றுவிட்டு, தூரத்தைப் பார்த்தபின் யோசித்ததுதான் என் தவறு.

இரவு தூக்கம் வராமல் இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்த்தேன். பிக்கப்பிலிருந்து டிராப் வரையான தூரத்தை மட்டுமே செயலி காட்டுகிறது. பிக்கப்புக்கு வெறும் வண்டியாகப் போவதும், டிராப்பிலிருந்து ஆர்டர் கிடைக்கும் பகுதிக்குத் திரும்புவதும் அதில் இல்லை. என் மீட்டர் ஓடிய தூரத்துக்கும் செயலி காட்டும் தூரத்துக்கும் இடையே நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் வரை வித்தியாசம் வருகிறது. அந்த 40 கிலோமீட்டருக்கும் வண்டி பெட்ரோல் குடிக்கத்தான் செய்கிறது.

மார்ச் 7, வெள்ளி

18 ஆர்டர். ஒரு கடை பூட்டிக் கிடந்தது. அவசரத்தில் நானே ரத்து பொத்தானை அழுத்திவிட்டேன். பக்கத்தில் நின்ற மூத்த ரைடர் கடிந்துகொண்டார். “உன் கையால ரத்து அழுத்தாதே தம்பி. பூட்டின கடைய ஒரு போட்டோ எடு, உதவி மையத்துக்கு அனுப்பு, அவங்களே ரத்து பண்ணட்டும். அது உன் கணக்குல ஏறாது.” ஐந்தாவது ரத்து ஏறிய பிறகு கிடைத்த அறிவு.

மார்ச் 8, சனி

20 ஆர்டர், ரத்து இல்லை. மொத்தம் 96. புதன்கிழமைக்குப் பிறகு திரையில் முதன்முறையாக 95% என்று பச்சை நிறத்தில் வந்தது. அதைப் பார்த்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

104ஆவது ஆர்டரை முடித்து, அடுத்ததை ஏற்று பிக்கப்புக்குப் போகும் வழியில் பின் டயர் பஞ்சர். வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது செயலி தாமத எச்சரிக்கையை மூன்று முறை அனுப்பியது. நான்காவது வருவதற்குள் ரத்தை அழுத்திவிட்டேன். வெள்ளிக்கிழமை கேட்ட அறிவுரை, பொத்தானிலிருந்து விரலை எடுத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஒட்டுப்போட்டவர் டயரைத் திருப்பிக் காட்டினார். ஓரிடத்தில் உள்ளிருக்கும் நூல் தெரிந்தது. ஒன்றும் சொல்லாமல் காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

அதன்பின் ஆறு ஆர்டர். அவற்றில் 108ஆவதை இங்கே குறித்துவைக்க வேண்டும். பிக்கப்புக்கு 4, டிராப்புக்கு 6, திரும்ப 7, ஆக 17 கிலோமீட்டர். அதற்குச் செலவான பெட்ரோல் 0.38 லிட்டர், கிடைத்தது 0.4. முக்கால் மணி நேரத்துக்குக் கூலி 0.02 லிட்டர், நான்கு தேக்கரண்டி அளவு. எண்ணிக்கைக்காக மட்டுமே அதை எடுத்தேன். மற்ற நாளாக இருந்தால் ஏற்றிருக்கமாட்டேன்.

இரவு 10:40க்கு 110ஆவது முடிந்தது. திரையில் 95%. செயலியை அணைத்தேன்.

மார்ச் 10, திங்கள்

டேங்கை மீண்டும் வாய்வரை நிரப்பினேன். வாரத்தில் மூன்று முறை நிரப்பியதையும் கூட்டினால் 16.2 லிட்டர், மீட்டரில் ஓடியது 730 கிலோமீட்டர், மைலேஜ் 45. செயலி காட்டிய தூரம் 455 மட்டுமே. மிச்சமுள்ள 275 கிலோமீட்டர், அதாவது 6.1 லிட்டர், கணக்கில் வராத ஓட்டம்.

வாடிக்கையாளர்கள் கொடுத்தது 55 லிட்டர், கமிஷன் 11, கைக்கு வந்தது 44. பெட்ரோலைக் கழித்தால் 27.8. ஊக்கத்தொகை சேர்ந்தால் 35.8. இந்த ஓட்டத்துக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்ஜின் ஆயிலை மாற்ற வேண்டியிருக்கிறது. அதையும் டயர் தேய்மானத்தையும் இன்னும் கழிக்கவில்லை. நாளை பட்டுவாடா.

மார்ச் 11, செவ்வாய்

ஊக்கத்தொகை: 0.

உதவி மையத்தில் ஒரு மணி நேரம் காத்திருந்து கேட்டதற்கு, என் விகிதம் 94.83 என்று பதில் வந்தது. திரையில் 95 என்றுதானே இருந்தது என்றேன். திரையில் தெரிவது முழு எண்ணாக்கப்பட்டது, தகுதி பார்ப்பது உண்மையான எண்ணை வைத்து என்றார்கள். தாளை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஏற்றுக்கொண்டது 116, முடித்தது 110, வகுத்தால் 94.83தான் வருகிறது. சனிக்கிழமை இரவு 101க்கு 96, அது 95.05. இரண்டுக்கும் திரை ஒரே பச்சையைத்தான் காட்டியது. ஒன்று தகுதி பெற்ற பச்சை, மற்றொன்று தகுதி பெறாத பச்சை.

பஞ்சர் ரத்தையாவது நீக்கக் கூடாதா என்று ஒட்டுப்போட்ட டயரின் படத்தோடு கேட்டேன். ரைடர் தாமே ரத்து செய்ததால் இயலாது என்றார்கள்.

95 சதவீதம் என்பதை இனிச் சதவீதமாகப் பார்க்கப் போவதில்லை. ஒரு ரத்துக்கு 19 முடிப்பு, அவ்வளவுதான். ஆறு ரத்துக்கு 114 வேண்டும். என்னிடம் 110 இருந்தது. 10:40க்குச் செயலியை அணைத்தபோது நள்ளிரவுக்கு இன்னும் ஒரு மணி 20 நிமிடம் இருந்தது. நான்கு ஆர்டர். பக்கத்திலேயே நான்கு சின்ன ஆர்டர் கிடைத்திருக்குமா என்று நாள் முழுவதும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கிடைத்திருக்காது என்று சொல்லிக்கொண்டால் கொஞ்சம் தூங்கலாம்.

108ஆவது ஆர்டரின் 17 கிலோமீட்டர் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது.

மார்ச் 12, புதன்

மூன்று நாளில் 41 முடிப்பு, ரத்து இரண்டு. அந்த இரண்டுக்கு 38 போதும். மூன்றாவது வந்தால் 57 ஆகும். டயர் கடைக்காரர் புது டயரைக் கடனாகத் தரச் சம்மதித்திருக்கிறார், நாளை காலை ஏழு மணிக்குள் வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். ஏழிலிருந்து ஒன்பது வரைதான் ஆர்டர் நன்றாக வரும் நேரம்.

மார்ச் 13, வியாழன்

போகவில்லை. காலையில் 6 ஆர்டர்.