விடுபட்ட கட்டத்துக்கு என்ன நிறம்?

"இல்லைன்னு போட்டா சிவப்பு. ஒண்ணுமே போடாம விட்டா வெள்ளை. அப்ப எது ஆத்தா நல்லது?"

கையுறை போட்டோமா என்று தினமும் பதிகிற ஷீட்டைப் பற்றி, பட்டறையில் கல் ஊற்றுகிற அண்ணன் ஒருவர் கேட்டார். "உள்ளதைப் போடுங்கண்ணே, அது போதும்" என்றேன். சொன்னபோது அது சரியான பதிலாகத்தான் பட்டது. ஆனால் அவர் எந்த யோசனையில் கேட்டார் என்பது அப்போது எனக்குப் புரிந்ததா என்று இன்னும் சந்தேகமாக இருக்கிறது.

தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லை எப்படிச் செய்கிறார்கள் என்று எங்கள் ஊர்ப் பக்கம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கண்ணாடி மேல் அச்சை வைத்து, சாயம் கலந்த சிமென்ட் பாலைக் கரண்டியால் ஊற்றி, மேலே காய்ந்த கலவையைத் தூவி, பிறகு ஈரக் கலவையைப் போட்டு மட்டம் செய்து, கடைசியில் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவது வரை எல்லாமே கைவேலை. ஈர சிமென்டில் காரம் அதிகம். தோல் முதலில் வறளும், பிறகு விரல் நுனியில் வெடிக்கும். அதில் உள்ள குரோமியம் சிலருக்கு ஒவ்வாமையாகி, ஒரு முறை வந்துவிட்டால் பிறகு சிறிது பட்டாலே அரிப்பு கிளம்பிவிடும். இரண்டு பேருக்கு அப்படி ஆனபிறகு முதலாளி எல்லோருக்கும் ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்தார். போடுகிறார்களா என்று தினமும் பார்ப்பதற்கு ஒரு வழி செய்யச் சொன்னார். ஆபீஸ் கணக்கு என் பொறுப்பு, அதனால் அந்த வேலையும் என்னிடம் வந்தது.

கூகுள் ஷீட்டில் 14 பேரின் பெயர்களை A நெடுவரிசையில் போட்டேன். மேலே முதல் வரிசையில் மாதத்தின் தேதிகள். வாசலில் கட்டிப்போட்ட ஒரு போனில், வேலை முடிந்து போகும்போது அவரவர் வரிசையில் அவரவரே போட வேண்டும். நாள் முழுக்கக் கையுறை போட்டிருந்தால் 1, இல்லையென்றால் 0, விடுப்பு என்றால் "வி". எண்களாக இருந்தால் யாரும் படிக்கமாட்டார்கள், நிறமாக இருந்தால் தூரத்திலிருந்தே தெரியும் என்று Format மெனுவில் Conditional formatting போய், B2:AF15 முழுவதையும் தேர்ந்தெடுத்து, Custom formula is என்ற இடத்தில் விதிகளை எழுதினேன். 1 என்றால் பச்சை, 0 என்றால் சிவப்பு.

சிவப்புக்கு நான் முதலில் எழுதிப் பார்த்தது `=B2=0`. எழுதிய மறுகணமே இன்னும் பிறக்காத நாட்களும் சேர்ந்து மாதம் முழுக்கச் சிவப்பாகிவிட்டது. காலியான கட்டத்தை ஷீட் பூஜ்யம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். எக்செல்லிலும் இதே கதைதான். அதனால் கட்டத்தில் உண்மையிலேயே எண் இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும்:

```
=AND(ISNUMBER(B2),B2=0)
```

இப்படி மாற்றியதும் காலிக் கட்டங்கள் எல்லாம் வெள்ளையாகின. பளிச்சென்று, பார்க்கச் சுத்தமாக இருந்தது. வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மாதக் கடைசியில் முதலாளி அதைக் கலரில் பிரிண்ட் எடுத்துத் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினார். அந்த மாதம் வேலை நாட்கள் 26. அண்ணன் 26 நாளும் தவறாமல் பதிவு போட்டிருந்தார். அதில் 17 பச்சை, 9 சிவப்பு. அவருக்கு எதிர் மேசையில் ஊற்றுகிற பையன் 12 நாள் மட்டும் போட்டிருந்தான், அத்தனையும் பச்சை. மீதி 14 நாளும் வெள்ளை. சுவரில் பார்க்கிறவர்களுக்கு அண்ணன் வரிசைதான் கண்ணில் குத்தியது. பையன் வரிசையில் சிவப்பே இல்லை.

கடைசி நெடுவரிசையில் சதவீதமும் இதையேதான் சொன்னது. அதற்கு நான் எழுதியிருந்தது:

```
=COUNTIF(B2:AF2,1)/COUNT(B2:AF2)
```

COUNT எண் உள்ள கட்டங்களை மட்டுமே எண்ணும், காலியை விட்டுவிடும். ஆகவே பையனுக்கு 12-ல் 12, நூறு சதவீதம். அண்ணனுக்கு 26-ல் 17, 65 சதவீதம். அவரவருடைய வேலை நாட்களால், அதாவது 26-ல் விடுப்பைக் கழித்து வருவதால் வகுத்திருந்தால், பையனுக்கு 46தான் வந்திருக்கும். கீழே எந்த எண்ணால் வகுக்கிறோம் என்பதில்தான் சொல்லாமல் விட்டவனுக்கும் சொன்னவனுக்கும் உள்ள வித்தியாசம் மொத்தமும் இருக்கிறது.

அன்றைக்குத்தான் அண்ணன் அந்தக் கேள்வியைக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே, விலை விசாரிப்பது போலக் கேட்டார்.

என் பக்கத்து நியாயமும் இருக்கிறது. காலிக் கட்டம் ஒன்றையே சொல்வதில்லை. போனில் சார்ஜ் இல்லாமல் போயிருக்கலாம், பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருக்கலாம், விடுப்பில் இருந்தவர் "வி" போட மறந்திருக்கலாம். தெரியாத ஒன்றுக்கு நிறம் கொடுக்காமல் விட்டது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் வெள்ளையைப் பார்க்கிற யாரும் "தெரியவில்லை" என்று படிப்பதில்லை. "குறை ஒன்றுமில்லை" என்றுதான் படிக்கிறார்கள்.

முதலாளி, "வெள்ளையை எல்லாம் சிவப்பாக்கிரும்மா, சோலி முடிஞ்சது" என்றார். அதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒளிவில்லாமல் 0 போட்டவரும் ஒன்றுமே போடாதவரும் ஒரே நிறம் என்றால், மெனக்கெட்டு 0 போட யார் வருவார்கள்? கடைசியில் 0-வுக்கு வெளிர் மஞ்சள், நாள் கடந்தும் காலியாக இருந்தால் சிவப்பு என்று மாற்றினேன். பதிவு போடாதது மட்டும்தான் இனிமேல் சிவப்பு. அதற்கான விதி:

```
=AND(ISBLANK(B2),B$1<TODAY())
```

B$1-ல் அந்த $ இருந்தால்தான் எந்த வரிசைக்குப் போனாலும் முதல் வரிசைத் தேதியையே பார்க்கும். அதை விட்டால் அடுத்த ஆளுக்கு மேல் வரிசைக் கட்டத்தைத் தேதி என்று எடுத்துக்கொண்டு, நிறம் கண்டபடி விழும். தேதியும் உண்மையான தேதியாக இருக்க வேண்டும். எழுத்தாக உட்கார்ந்துவிட்டால் ஷீட் அதை எந்த எண்ணை விடவும் பெரியது என்று வைத்துக்கொள்ளும், சிவப்பு ஒருநாளும் வராது. கட்டத்தில் தேதி இடது பக்கம் ஒட்டி நின்றால் அது எழுத்து என்று சந்தேகப்படலாம். ஞாயிற்றுக்கிழமைக்கு `=WEEKDAY(B$1)=1` என்று சாம்பல் நிற விதி ஒன்றைப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். ஒரே கட்டத்துக்கு இரண்டு விதி பொருந்தினால் மேலே இருப்பதன் நிறம்தான் நிற்கும்.

அடுத்த மாதம் சிவப்பு ஏறக்குறைய காணாமல் போனது. மஞ்சளும் காணாமல் போனது. 14 பேர் வரிசையும் பச்சை, அண்ணன் வரிசையும்தான்.

முதலாளிக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கு மனசு ஒப்பவில்லை. சில கட்டங்களில் வலது கிளிக் செய்து Show edit history பார்த்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை உள்ள கட்டங்கள் பல பேருக்குச் சனிக்கிழமை சாயந்தரம் ஒரே மூச்சில் நிரப்பப்பட்டிருந்தன. சிவப்பு ஏறாமல் இருக்க வேண்டும் என்பதற்காகப் போட்ட ஒன்றுகள் அவை. முதலாளியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிவைப் பூட்டச் சொல்லியிருப்பார். பூட்டினால் நிஜமாகவே மறந்தவர்கள்தான் மாட்டுவார்கள், சனிக்கிழமை கூட்டம் தினமும் ஒரு 1 போட்டுவிட்டுப் போய்விடும். இப்படி எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அண்ணனையும் சேர்த்துக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.

அப்புறம்தான் பழைய மாதத்து ஷீட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அதுவரை எல்லோரையும் போல நானும் வரிசை வரிசையாகவே, ஆள் ஆளாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முறை மேலிருந்து கீழாக, நாள் நாளாகப் பார்த்தேன். அண்ணனின் ஒன்பது சிவப்பில் ஏழு, பூப்போட்ட கல் ஊற்றிய நாட்களில் விழுந்திருந்தன. அதே நாட்களில் எதிர் மேசைப் பையனின் கட்டம் வெள்ளை. இன்னும் இரண்டு பேருக்கும் வெள்ளை. ஆர்டர் புத்தகத்தை வைத்து ஒத்துப் பார்த்தேன், தேதிகள் சரியாகப் பொருந்தின.

அண்ணனிடம் கேட்டேன். "பூக்கல்லுக்கு அச்சுல சின்னச் சின்ன அறை ஆத்தா. தடிச்ச கிளவுஸ மாட்டிக்கிட்டு ஊத்துனா சாயம் பக்கத்து அறைக்குள்ள வழிஞ்சிரும். அச்சத் தூக்குறப்ப விரலுக்கு நிதானமும் தெரியாது" என்றார். மணிக்கட்டு வழியாகச் சிமென்ட் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டால், கையுறைக்குள்ளேயே ஊறிக்கொண்டு நிற்கும், அது வெறுங்கையை விட மோசம் என்றும் சொன்னார். அது நிஜம். ஈர சிமென்ட் தோலோடு எவ்வளவு நேரம் ஒட்டி நிற்கிறதோ அவ்வளவுக்குப் புண் ஆழமாகும்.

ஆக, அந்த ஷீட்டில் உருப்படியான செய்தி இருந்தது அந்த ஒன்பது கட்டங்களில் மட்டும்தான். கையுறை தடிமனாக இருக்கிறது, நுணுக்கமான வேலைக்கு ஆகாது என்று தேதியோடு எழுதிக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான். அவரைத்தான் சுவரில் சிவப்பாக ஒட்டியிருந்தோம். சுவரில் ஒட்டியது முதலாளி, ஆனால் சிவப்பைத் தேர்ந்தெடுத்தது நான். வேறு எந்த நிறம் வைத்திருந்தாலும் இதுதான் நடந்திருக்குமோ என்றும் சில சமயம் தோன்றுகிறது. பத்துப் பேர் பார்க்கிற இடத்தில் தன் பெயருக்கு நேரே நிறம் விழுகிறது என்றால், மஞ்சளாக இருந்தாலும் அது குறைதானே.

பூக்கல் வேலைக்கு மட்டும் மெல்லிய நைட்ரைல் கையுறை, நீளமான மணிக்கட்டு உள்ளது, வாங்கிக் கொடுத்தோம். அதையும் போடுகிறார்களா என்று ஷீட்டைப் பார்த்தால் தெரியாது, எல்லாம் பச்சையாகத்தான் இருக்கிறது. மேசைப் பக்கம் போய்க் கையைப் பார்த்தால் தெரிகிறது. சிலர் போடுகிறார்கள்.

சுவரில் ஒட்டுவதை நிறுத்திவிடலாம், ஆள் பெயர் இல்லாமல் நாள் வாரியாகக் கூட்டுத்தொகைக்கு மட்டும் நிறம் கொடுக்கலாம் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன். "பேரு இல்லாட்டி எவன்மா போடுவான்?" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பெயர் போட்ட முதல் மாதத்தில்தானே அண்ணன் 26 நாளும் உள்ளதைப் போட்டார்.