வீட்டுக்கு விலை கேட்க முதல் காணிப் பத்திரத்தைப் பாருங்கள்

பிள்ளைகள் வெளிநாட்டில், ஐந்து அறை வீட்டில் கிழவனும் கிழவியும். விற்றால் கையில் காசு வரும் என்று எல்லாரும் முதலில் விலை கேட்கத்தான் ஓடுவார்கள். வன்னியில் முதற்கேள்வி அது அல்ல. காணி எந்தப் பத்திரத்தில் இருக்கிறது?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் குடியேற்றத் திட்டக் காணிகள் பல 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுபட்டவை. கையில் பெர்மிட் மட்டும் என்றால் சந்தையில் விற்க வழியில்லை. அளிப்புப் பத்திரம் (ஜெயபூமி, சுவர்ணபூமி என்று சொல்வது) இருந்தால், பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதத்தோடு விற்கலாம். சம்மதம் உறுதி எழுத முதலே வேண்டும். பிறகு வாங்கிப் போடலாம் என்று எழுதிய உறுதி செல்லாது.

வழக்கமாக இடறுவது இந்த இடத்தில்தான். அட்வான்ஸ் வாங்கி வீட்டு ஓட்டை மாற்றிவிடுவார்கள், சம்மதம் கிடைக்காது, காணி வாங்க வந்தவர் காசைத் திருப்பிக் கேட்பார். சம்மதம் கைக்கு வரும்வரை ஒரு சதமும் வாங்காதீர்கள்.

வளவின் முன்பாதியை மட்டும் விற்கலாமே என்பார்கள். அளிப்பின் நிபந்தனைகளில் காணியை ஆகக் குறைந்தது எந்த அளவுவரை பிரிக்கலாம் என்று எழுதியிருக்கும். அது அரை ஏக்கர், வளவும் அரை ஏக்கர் என்றால் துண்டாக விற்க முடியாது.

சொந்த உறுதிக் காணிக்கு இந்தச் சிக்கல் இல்லை. அங்கே கணக்கைப் பார்க்கலாம். ஒரு உதாரணம்: 140 இலட்சத்துக்கு விற்று, டவுனில் 75 இலட்சத்துக்குச் சின்ன வீடு வாங்குகிறார்கள். முத்திரை வரி வீடு வாங்குபவர் தலையில்: முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4. ஆக 2,99,000 ரூபா. நொத்தாரிசு, தரகர், சாமான் ஏற்றி இறக்கும் செலவுக்கு இரண்டு இலட்சம் வைத்தால், மிச்சம் சுமார் 60 இலட்சம். நிலையான வைப்பில் 8 சதவீதத்துக்கு மாதம் 40,000. 2023 தொடக்கத்தில் வட்டி 20 சதவீதத்தைத் தாண்டியதை மனதில் வைத்துக் கணக்குப் போட்டவர்கள் இப்போது ஏமாந்து நிற்கிறார்கள்.

விற்காமல் இருந்தால்? முன் இரண்டு அறைக்கும் தனிக் கதவும் குளியலறையும் போட்டு, தூர இடத்திலிருந்து மாற்றலாகி வரும் ஆசிரியருக்கோ உத்தியோகத்தருக்கோ 15,000க்கு விட்டால், விற்பதோடு ஒப்பிட வித்தியாசம் மாதம் 25,000. கிணறும் தென்னையும் கையில் இருக்கும், வைப்புப் பணத்தின் பெறுமதி விலைவாசியோடு தேயும். ஆனால் வைத்தியத்துக்கு மொத்தமாகக் காசு தேவைப்படுபவருக்கு மாத வாடகை உதவாது, அவர் விற்கத்தான் வேண்டும்.

அளிப்புக் காணிக்காரர் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: தங்களுக்குப் பிறகு காணி போய்ச் சேரும் பின்னுரித்தாளராக யார் பெயர் பதிவாகியிருக்கிறது. பல பத்திரங்களில் அந்த இடம் இன்னும் வெறுமையாகவே கிடக்கிறது.