ஏ4 பக்கத்தை ஏ5-க்கு இறக்கும்போது

கும்பகோணத்தில் டிடிபி கடையில் உட்கார்ந்தால் இந்த வேலை வராத மாதம் இல்லை. கோயில் மலர், பஜனை மடத்துப் பாட்டுப் புத்தகம், உழவர் சங்க அறிக்கை என்று எல்லாமே வீட்டுக் கணினியில் ஏ4 அளவில் டைப் செய்யப்பட்டு வரும். "கையடக்கமா வேணும்மா, ஏ5-ல போட்டுக் குடுங்க" என்பார்கள்.

இதற்கு இரண்டு வழி உண்டு. எது என்று முதலில் முடிவு செய்யாமல் கோப்பில் கை வைக்கக் கூடாது. ஒன்று, பக்கத்தை அப்படியே சுருக்குவது. ஏ4 என்பது 210 × 297 மி.மீ., ஏ5 என்பது 148 × 210 மி.மீ. ஏ4 தாளைக் குறுக்கே பாதியாக மடித்தால் ஏ5. நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் இரண்டிலும் ஒன்றுதான். அதனால் பிடிஎஃப் எடுத்து 71 சதவீதத்தில் அச்சிட்டால் ஒரு வரி நகராது, ஒரு படம் அசையாது. ஆனால் 12 பாயிண்ட் எழுத்து எட்டரைப் பாயிண்ட் ஆகிவிடும். அந்த அளவில் தமிழில் புள்ளியும் சுழியும் அடைத்துக்கொள்ளும். விலைப்பட்டியலுக்கு அது போதும். பிரகாரத்தில் டியூப் லைட் வெளிச்சத்தில் பெரியவர்கள் வைத்துப் பாடப்போகும் புத்தகத்துக்கு ஆகவே ஆகாது.

போன பங்குனியில் திருவாரூர் பக்கத்துக் கோயில் ஒன்றின் தேவாரப் பதிகத் தொகுப்பு அப்படித்தான் வந்தது. வேர்டு கோப்பு, 24 பக்கம், ஒன்பது புகைப்படம். கொண்டுவந்த ஐயா ஜெராக்ஸ் கடையில் சுருக்கி எடுத்த மாதிரி ஒன்றையும் காட்டினார். "எழுத்து இதைவிடப் பெருசா இருக்கணும்மா. ஆனா படம் அந்தந்தப் பாட்டுக்குப் பக்கத்துலயே நிக்கணும்." அப்படியென்றால் இரண்டாவது வழிதான். தாளின் அளவை மாற்றி, எழுத்தைப் புதிதாக ஓடவிட வேண்டும்.

முதலில் கணக்கு. ஏ4-ல் நாலு பக்கமும் 2.54 செ.மீ. மார்ஜின் விட்டிருந்ததால் எழுத்து ஓடிய இடம் ஏறக்குறைய 15.9 × 24.6 செ.மீ. ஏ5-ல் முதுகுப்பக்கம் 2 செ.மீ., மற்ற மூன்று பக்கமும் 1.8 செ.மீ. விட்டால் மிஞ்சுவது 11 × 17.4. பரப்பில் பாதிக்கும் சற்றுக் குறைவு. எழுத்தை 12-லிருந்து 11 பாயிண்டுக்கு இறக்கினால் கொஞ்சம் மிச்சமாகும். ஆக 24 பக்கம் 41, 42 பக்கமாகும். நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கம் நான்கின் மடங்காக இருக்க வேண்டும் என்பதால் 44 என்று ஐயாவிடம் அப்போதே சொல்லிவிட்டேன். இந்த எண்ணிக்கையைச் சொல்லாமல் வேலை ஆரம்பித்தால் கடைசியில் செலவுக் கணக்கில் மனஸ்தாபம் வரும்.

தாள் அளவை மாற்றும் பெட்டியில் கீழே `Apply to` என்று ஒன்று இருக்கும். அதில் `Whole document` என்று கொடுக்க வேண்டும். கோப்புக்குள் செக்‌ஷன் பிரிவு இருந்து `This section` என்று விட்டுவிட்டால் நடுவில் சில பக்கம் மட்டும் ஏ4 ஆகவே நிற்கும். திரையில் அது சட்டென்று கண்ணில் படாது. பிடிஎஃப் எடுத்து எல்லாப் பக்கத்தையும் சிறிதாக்கிப் பார்த்தால் அந்தப் பக்கம் மட்டும் பெரிதாக நிற்பது தெரியும்.

அடுத்து படங்கள். எழுத்தைச் சீர்செய்யும் முன்பே இதை முடித்துவிடுவேன், ஏனென்றால் படத்தின் உயரம் மாறினால் அதன் கீழே எல்லாமே மாறும். தாளைச் சுருக்கினால் வேர்டு படத்தைச் சுருக்குவதில்லை. 15.9 செ.மீ. அகலத்தில் இருந்த தேர் படம் அதே அகலத்தில் நின்றது. இடது மார்ஜின் 2 செ.மீ. சேர்த்தால் 17.9. தாளோ 14.8 தான், 3 செ.மீ. தேர் தாளுக்கு வெளியே போய்விட்டது. அதை மூலையைப் பிடித்து 11 செ.மீ. ஆக்கினால் தீர்ந்தது.

சிக்கல் மிதக்கும் படங்களில்தான். இப்படிப்பட்ட படம் ஏதோ ஒரு பத்தியோடு நங்கூரம் போட்டுக் கட்டப்பட்டிருக்கும். அந்தப் பத்தி எந்தப் பக்கத்துக்குப் போகிறதோ அந்தப் பக்கத்துக்குப் படமும் போகும். ஆனால் பக்கத்தில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பது தாளின் விளிம்பிலிருந்து அளந்து வைக்கப்பட்டிருந்தால் அந்த அளவு மாறாது. கமலாலயக் குளத்தின் படம் இடது விளிம்பிலிருந்து 13.5 செ.மீ. தள்ளி வைக்கப்பட்டிருந்தது. 14.8 செ.மீ. தாளில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது? படம் தாளுக்கு வெளியே தொங்கும், இல்லையென்றால் உள்ளே தள்ளப்பட்டு வேறு பாட்டின் மேல் ஏறி உட்காரும்.

ஆகவே ஒன்பது படத்தையும் `In Line with Text` ஆக்கி, தனிப் பத்தியில், நடுவில் நிறுத்தினேன். அப்படிச் செய்தால் படம் ஓர் எழுத்தைப் போல ஓடும், தன் பாட்டை விட்டுப் பிரியாது. படத்தின் பக்கவாட்டில் எழுத்து ஓடும் அழகு போய்விடும்தான். ஆனால் 11 செ.மீ. அகலத்தில் 5 செ.மீ. படம் வைத்தால் எழுத்துக்கு ஐந்தரைதான் மிஞ்சும். நீளமான தமிழ்ச் சொற்கள் அதில் வரிக்கு இரண்டு நின்று நடுவில் பள்ளம் விழும். சிறிய தாளில் அந்த அழகை விட்டுவிடுவதே சரி.

இப்படி மாற்றியதும் ஒரு படம் மறைந்துபோய் மெல்லிய கீற்றாகத் தெரிந்தது. படம் அழியவில்லை. அந்தப் பத்தியின் வரி இடைவெளி `Exactly` 16 பாயிண்ட் என்று இருந்ததால் அந்த உயரத்துக்கு மட்டும் தெரிந்தது. `Single` ஆக்கியதும் முழுப்படமும் வந்தது.

பதிகத்தில் உண்மையான உழைப்பு அடிகளில்தான். நீண்ட சந்தத்தில் வரும் அடி ஏ4-ல் ஒரே வரியில் அடங்கியது. 11 செ.மீ. அகலத்தில் கடைசிச் சீர் மட்டும் கீழே விழுந்து, அடுத்த அடியின் தலைபோல நிற்கிறது. பாடுகிறவர் அங்கே தடுமாறுவார். எழுத்தை இன்னும் குறைத்து அதை மேலே ஏற்றலாம், ஆனால் புத்தகம் முழுக்க எழுத்தளவு ஏறி இறங்கும். நான் செய்தது, நீண்ட அடி வரும் பதிகம் முழுவதிலும் எல்லா அடியையும் ஒரே சீரில் `Shift+Enter` கொடுத்து மடக்கி, இரண்டாம் பாதி 0.8 செ.மீ. உள்ளே தள்ளி வரும்படி ஸ்டைலில் `Hanging` வைத்தேன். அச்சுப் புத்தகங்களில் பழக்கமான முறைதான் அது. எங்கே மடக்குவது என்று ஓதுவார் ஒருவரைப் பாடச்சொல்லிக் கேட்டுக்கொண்டேன், அது கணினி சொல்லும் விஷயம் இல்லை. ஒரு பாட்டு இரண்டு பக்கத்துக்குப் பிளக்காமல் இருக்க, அதன் கடைசிப் பத்தியைத் தவிர மற்றப் பத்திகளுக்கு `Keep with next` கொடுத்தேன். சில பக்கத்தின் அடியில் வெற்றிடம் விழுந்தது, அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொருளடக்கத்தில் கையால் தட்டிய புள்ளிகளை எடுத்துவிட்டு, 11 செ.மீ.-ல் புள்ளிக்கோட்டோடு வலது டேப் வைத்தேன். தலைப்புகளை ஸ்பேஸ் தட்டி நடுவுக்குக் கொண்டுவந்திருந்தார்கள், அதையும் நீக்கினேன்.

சரிபார்க்கப் பழைய ஏ4 அச்சைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பதிகத்திலும் பாட்டு எண்ணை மட்டும் எண்ணினேன். பிறகு ஒவ்வொரு படத்துக்கும் மேலே இருக்கும் பாட்டு இரண்டிலும் ஒன்றா என்று பார்த்தேன்.

அச்சகத்துக்கு வேர்டு கோப்பைத் தரவில்லை. அங்கே இந்த எழுத்துரு இல்லையென்றால் வேறொன்று வந்து உட்காரும், வரி அகலம் மாறும், மடக்கியதெல்லாம் குலையும். எழுத்துரு பதிந்த பிடிஎஃப் கொடுத்து, மாதிரிப் பக்கத்தை `Fit` இல்லாமல் `Actual size`-ல் எடுக்கச் சொன்னேன். வந்த தாளில் தேர் படத்தின் மேல் ஸ்கேலை வைத்தேன். சரியாக 11 செ.மீ. இருந்தது. 44 பக்கத்தையும் ஓட்டச் சொன்னேன்.