புள்ளி விழாத கீபோர்ட்

களுவாஞ்சிகுடியில் எங்கள் கொமினிகேஷனில் தமிழ்க் கடிதங்களை இன்னும் பாமினி எழுத்துருவில்தான் அடிக்கிறோம். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி `;` விசையில் இருக்கிறது. 'மட்டக்களப்பு' என்று வர `kl;lf;fsg;G` என்று தட்ட வேண்டும். ஒரே சொல்லில் மூன்று தடவை. அந்த விசை இடையிடையே விழாமல் போகத் தொடங்கியதும் 'மடடக்களபபு' என்று அச்சாகி, ஒவ்வொரு கடிதத்தையும் திரும்ப வாசிக்க வேண்டியதாயிற்று.

கடையில் நிற்கும் தம்பி, "அண்ணன், எழுத்துருவை அழிச்சுப்போட்டுத் திரும்பப் போடுவம்" என்றான். அதற்கு முதல் நோட்பேடைத் திறந்து, சாதாரண ஆங்கில எழுத்துருவில் `;` மட்டும் தட்டிப் பார்த்தோம். அங்கேயும் இடையிடையே விழவில்லை. சரி, பாமினி மேல் பழி இல்லை.

அப்புறம் இணையத்தில் விசைகளைச் சோதிக்கும் ஒரு பக்கத்தைத் திறந்தோம். தட்டும் விசை திரையில் நிறம் மாறும். மெதுவாக அழுத்திப் பிடித்தால் `;` நிறம் மாறியது, வேகமாகத் தட்டினால் சில தடவை அசையவே இல்லை. இதை வைத்து மட்டும் கீபோர்ட் பழுது என்று சொல்ல முடியாது. அந்தப் பக்கத்துக்கு விண்டோஸ் கொடுப்பதுதான் தெரியும். விண்டோஸில் Filter Keys என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தாலும் சட்டென்ற தட்டல்கள் விடுபடும். வலது ஷிப்டை எட்டு விநாடி அழுத்திப் பிடித்தால் அதை இயக்கவா என்று கேட்கும், பார்க்காமல் சரி கொடுப்பவர்கள் நிறையப் பேர். ஆனால் அது எல்லா விசைகளையும் பாதிக்கும். பக்கத்திலுள்ள `L` விசையை அதே வேகத்தில் தட்டினோம், ஒன்றும் தவறவில்லை. `;` மட்டும்தான் முரண்டு பிடித்தது.

கடைசியாகக் கீபோர்டைக் கழற்றி, உள்ளே பில் போடும் கணினியில் செருகினோம். அங்கேயும் அதே விசை, அதே தவறல். அந்தக் கணினியின் கீபோர்டை இங்கே மாட்டினால் எல்லாப் புள்ளியும் விழுந்தது. இப்படி இரண்டு பக்கமும் மாற்றிப் பார்ப்பது முக்கியம் என்பேன், யூ.எஸ்.பி. துளையில் கோளாறு இருந்தாலும் அதில் பிடிபட்டுவிடும். மடிக்கணினி என்றால் கீபோர்டைக் கழற்ற முடியாது, வெளிக் கீபோர்ட் ஒன்றைச் செருகிப் பார்க்கலாம்.

விசையின் மூடியைக் கிளப்பித் துடைத்தும் சரிவரவில்லை. புதுக் கீபோர்ட் வாங்கினோம்.

அதே கிழமை மச்சாள் தன் மடிக்கணினியில் `@` வருவதில்லை என்று கொண்டுவந்தா. ஷிப்டோடு 2 தட்டினால் `"` வந்தது. சோதனைப் பக்கத்தில் விசையின் பெயர் `Digit2` என்று சரியாகவே காட்டியது, எழுத்து மட்டும் வேறு. விசை நன்றாக இருக்கிறது, கீபோர்டின் மொழி அமைப்புத்தான் பிரித்தானிய ஆங்கிலத்துக்கு மாறியிருக்கிறது. மொழி அமைப்பில் US தெரிவு செய்ததும் `@` வந்துவிட்டது. `Fn` விசைக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே காட்டவில்லை என்று அவ பயந்தா. பெரும்பாலான மடிக்கணினிகளில் அந்த விசை தட்டியது விண்டோஸ் வரைக்கும் போவதே இல்லை, அதனால் அது பழுதில்லை.