டைல்ஸுக்குப் பின்னால் ஒரு கசிவு

பிளம்பிங் வேலை கற்றுக்கொள்ளச் சேர்ந்த புதிதில் ஒரு வீடு. பாத்ரூமுக்கு அந்தப் பக்கம் உள்ள படுக்கையறைச் சுவரில், தரையை ஒட்டி ஈரம் ஊறி பெயிண்ட் உப்பியிருந்தது. மேஸ்திரி அண்ணன் குழாய்களை எல்லாம் மூடி, கை பம்பை மாட்டி லைனில் 5 கிலோ பிரஷர் ஏற்றினார். வெகுநேரம் பார்த்தும் மீட்டர் முள் அசையவில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை, லைன் நன்றாக இருந்தால் ஈரம் எங்கிருந்து வருகிறது?

"குளிச்சப்புறம்தான் ஈரம் அதிகமாகுதா?"ன்னு வீட்டுக்காரம்மாவிடம் கேட்டார். ஆமாம் என்றார்கள். முதலில் ஷவரைத் திறக்காமல் வாளி வாளியாகத் தரையில் தண்ணீர் ஊற்றிக் காத்திருந்தோம். ஈரம் கூடவில்லை, அதனால் தரையும் வடிகாலும் காரணமில்லை. மிச்சம் இருந்தது, தண்ணீரைக் கீழ்வாய்க்கோ ஷவருக்கோ திருப்பிவிடும் டைவர்ட்டரில் இருந்து ஷவருக்கு மேலே ஏறும் குழாய் மட்டும். ஷவர் மூடியிருக்கும்போது அந்தத் துண்டில் பிரஷரே கிடையாது, அதனால்தான் முதல் சோதனையில் அது தப்பித்துவிட்டது. இதை யாரும் சொல்லாமல் நானாக யோசித்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

ஷவரைக் கழற்றி அந்த இடத்தில் பம்பை மாட்டினோம். கீழே தண்ணீர் விழும் வாயைக் கழற்றி பிளக் போட்டோம், இல்லாவிட்டால் அந்த வழியாகப் பிரஷர் போய் நம்மைக் குழப்பும். இந்த முறை முள் கண்ணெதிரே இறங்கியது.

உடனே உளி எடுக்கவில்லை அண்ணன். டைவர்ட்டரின் மூடித்தட்டைக் கழற்றி டார்ச் அடித்தார், குழாயின் வெளிப்பக்கத்தில் மெலிதாக ஒரு கோடு போலத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஜாயிண்டுக்கு மேலே குழாயைத் துடைத்து, டிஷ்யூ பேப்பரைச் சுற்றிக் காட்டினார். மேல் ஓரம்தான் முதலில் நனைந்தது. அப்படியென்றால் கசிவு இங்கே இல்லை, மேலே இருக்கிறது. தண்ணீர் குழாயைப் பிடித்துக்கொண்டே இறங்கி, எங்கோ கீழே போய் ஈரமாகத் தெரிந்திருக்கிறது.

ஷவர் கம்பி நுழையும் அந்த ஒரே டைல்ஸை மட்டும் எடுத்தோம். சுற்றிலும் உள்ள இடைச்சாந்தை முதலில் அறுத்துவிட்டு, நடுவில் உடைத்து உள்பக்கமாகப் பெயர்க்க வேண்டும், அப்போதுதான் பக்கத்து டைல்ஸ் ஓரம் தெறிக்காது. உள்ளே குழாயை ஷவர் கம்பியோடு வளைத்து இணைக்கும் எல்போ முழுவதும் பிளாஸ்டிக், மரை இருக்கும் வாயில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். மாட்டியவர் டெஃப்லான் டேப்பை அளவுக்கு மீறிச் சுற்றி, ரெஞ்ச் போட்டு இறுக்கியிருக்கிறார். கம்பியின் இரும்பு மரை உள்ளே போகப் போக, பிளாஸ்டிக் வாய் விரிந்துதான் ஆக வேண்டும்.

வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே பித்தளை மரை வைத்த எல்போவை ஒட்டினோம். டைல்ஸையும் அன்றைக்கே மூடிவிடச் சொன்னார்கள். "பசை காயணும்மா, நாளைக்குப் பம்ப் போட்டுப் பார்த்துட்டு மூடலாம்" என்று அண்ணன் மறுத்துவிட்டார். மறுநாள் முள் நின்ற இடத்திலேயே நின்றது, அப்புறம்தான் சாந்து குழைத்தோம். படுக்கையறைச் சுவருக்கு மட்டும் இப்போதைக்குப் பெயிண்ட் வேண்டாம், உள்ஈரம் காயட்டும் என்று சொல்லிவிட்டு வந்தோம்.